62.5-ஆ, 70-ஆ?

கேள்வி: காரைக்குடி வட்டாரத்தில் "வீடு கட்டினால் ஆத்தங்குடி டைல்ஸ் போடுவீர்களா?" என்று கேட்டுக் கருத்துக்கணிப்பு எடுத்தேன். 60 வயதைத் தாண்டியவர்களில் ஆண்கள் 32 பேரில் 24 பேர், பெண்கள் 8 பேரில் 4 பேர் "போடுவேன்" என்றார்கள். 75, 50 இரண்டுக்கும் சராசரி 62.5 வருகிறது. எக்செல் 70 காட்டுகிறது. எது சரி? ஆண்களுக்குத்தான் விருப்பம் அதிகம் என்று எழுதலாமா?

பதில்: எக்செல் சொல்வதுதான் சரி. 40 பேரில் 28 பேர் என்றால் 70 சதவீதம். சதவீதங்களைச் சராசரி எடுக்கும்போது 8 பேருக்கும் 32 பேருக்கும் ஒரே எடை போய்விடுகிறது. உங்கள் ஊர் முதியவர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று தெரிந்து, அதற்கேற்ப எடை கொடுத்தால் 62.5 வரும். அப்போது அதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

அட்டவணையின் அமைப்பையும் ஒரு முறை பாருங்கள். பிவட் டேபிளில் வயதும் அதற்குள் பாலினமும் Rows பகுதியில் இருக்க வேண்டும், பதில் Columns பகுதியில். Values பகுதியில் வரிசை எண்ணைப் போட்டு Count ஆக்கி, Show Values As என்பதில் % of Row Total தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 100 வர வேண்டும். பாலினத்தையும் பதிலையும் இடம் மாற்றிப் போட்டாலும் 100தான் வரும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் "போடுவேன் என்ற 28 பேரில் 86 சதவீதம் ஆண்கள்" என்று வந்து நிற்கும். அது நீங்கள் ஆண்களை அதிகம் சந்தித்தீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது, அவர்கள் விருப்பத்தை அல்ல. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் வரிசையில் இருக்க வேண்டும்.

பைதானில் செய்வதானால், pandas-ஐ pd என்று இறக்குமதி செய்து தரவை df-இல் ஏற்றிய பிறகு இந்த ஒரு வரி போதும்:

```
pd.crosstab([df["வயது"], df["பாலினம்"]], df["பதில்"], normalize="index")
```

இது 0.75 என்று பின்னமாகத் தரும், 100-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஆண் பெண் வித்தியாசத்துக்கு வருவோம். 8 பெண்களில் ஒருவர் மனம் மாறினாலே 12.5 புள்ளி நகர்ந்துவிடும். ஆண்கள் பக்கம் ஒருவருக்கு 3 புள்ளிதான். இன்னும் இரண்டு பெண்கள் "போடுவேன்" என்றிருந்தால் 6/8, அதாவது அதே 75. இரண்டு பேரின் பதிலை நம்பி ஒரு முடிவு எழுதக் கூடாது. வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. ஆண் பெண் வித்தியாசமே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், "போடமாட்டேன்" என்ற பெண்களுக்கான எதிர்பார்ப்பு எண்ணிக்கை 2.4தான் வருகிறது, பொதுவாக 5 வேண்டும் என்பார்கள். சிறிய எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனை போடலாம், ஆனால் அதுவும் 8 பேரை 30 ஆக்கித் தராது.

பெண்கள் ஏன் குறைந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் திண்ணையில் நின்று கேட்டால் ஆண்கள்தான் பேசுவார்கள். ஆச்சிமார்கள் இரண்டாம் கட்டில் இருப்பார்கள். நேரம் இருந்தால் ஒரு பெண் தோழியோடு திரும்பப் போய், உள்ளே உட்கார்ந்து இன்னும் இருபது பேரிடமாவது கேட்டு வாருங்கள். போக முடியாவிட்டால் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கையையும் போட்டு, "ஆண்கள் 75% (32 பேரில் 24), பெண்கள் 8 பேரில் 4, பெண்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் ஒப்பிடவில்லை" என்று எழுதுங்கள்.