கழுத்துப் பக்கம் இழுத்துவிடாதீர்கள், கையைச் சுருட்டுங்கள்

கேள்வி: போன வருடம் எனக்கும் கணவருக்கும் ஒரே கிளினிக்கில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். அவருக்கு மறுநாளே வலி போய்விட்டது. எனக்கு இரண்டு மாதம் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. பஜு குரோங்கின் கை இறுக்கமாக இருந்ததால் கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து டிரசர் இடுப்பில்தான் ஊசி போடுவார், இப்படி வலித்ததே இல்லை. இந்த வருடம் இடுப்பில் போடச் சொல்லலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், கையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த தொல்லைக்குக் காரணம் கை இல்லை, கையில் ஊசி இறங்கிய இடம். நீங்கள் எழுதியதிலேயே அதற்கான துப்பு இருக்கிறது. கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டேன் என்கிறீர்களே, அதுதான்.

முதலில் அந்த டிரசர் கதையை முடித்துவிடுவோம். நானும் முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவன்தான். அன்றைக்கு இடுப்பில் போட்டதெல்லாம் பெரும்பாலும் பெனிசிலின் மாதிரி கெட்டியான மருந்து. அளவும் அதிகம். அவ்வளவையும் தாங்கப் பெரிய தசை வேண்டும். ஃப்ளூ ஊசியோ வெறும் அரை மில்லி, டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு. அதற்குத் தோளுக்குக் கீழே இருக்கும் டெல்டாய்ட் தசையே தாராளம்.

இடுப்பில் இன்னொரு சிக்கல், கொழுப்பு. தசை என்று நினைத்துக் குத்துவோம், மருந்து கொழுப்பிலேயே நின்றுவிடும். கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கேயே தேங்கிக் கிடக்கும், நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அது போய்ச் சேருவதும் மந்தப்படும். 1980களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இடுப்பில் போட்டவர்களுக்குக் கையில் போட்டவர்களை விட எதிர்ப்புச் சக்தி குறைவாக வந்தது தெரிந்த பிறகுதான், பெரியவர்களுக்குத் தடுப்பூசி என்றால் மேல்கைதான் என்று வழக்கமானது. போதாக்குறைக்கு, காலுக்குப் போகும் பெரிய நரம்பும் அந்த இடுப்புப் பக்கமாகத்தான் ஓடுகிறது.

சரி, உங்கள் தோளுக்கு வருவோம். தோள் உச்சியில் விரலை வைத்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போனால் ஒரு எலும்பின் முனை தட்டுப்படும். அதற்கு அடியில் பர்சா என்று ஒரு மெல்லிய பை இருக்கிறது. கையைத் தூக்கும்போது எலும்பும் தசைநாரும் உரசாமல் வழுக்கிப் போவதற்கான பை அது. ஊசி உயரமாக இறங்கினால் மருந்து தசைக்குள் போகாமல் இந்தப் பைக்குள் போய்விடலாம். தடுப்பூசியின் வேலையே உடலை உசுப்பிவிடுவதுதான். அந்த உசுப்பல் தசையில் நடந்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பைக்குள் நடந்தால் மூட்டே வீங்கி இறுகி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

இரண்டு வலியையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். சாதாரண வலி குத்திய இடத்தில், மேல்கையின் நடுவில் இருக்கும். அன்று மாலையோ மறுநாளோ அதிகமாகி, அப்புறம் நாளுக்கு நாள் குறையும். அழுத்தினால் வலிக்கும், ஆனால் கையைத் தூக்க முடியும். மற்றது தோள் மூட்டுக்குள் வலிக்கும். ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் தொடங்கிக் குறையாமல் நிற்கும். பக்கவாட்டில் கையைத் தூக்கவோ, பின்பக்கம் கொக்கி மாட்டவோ, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவோ முடியாது. நீங்கள் தலை வார முடியாமல் போனது இந்த இரண்டாவது ரகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கழுத்துப் பக்கம் துணியை இழுத்தால் என்ன ஆகிறது? தோளின் மேல் பாகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. தசையின் தடித்த நடுப்பகுதி துணிக்குள்ளேயே மறைந்திருக்கிறது. தெரிகிற இடத்தில் குத்தினால் அது உயரமான இடமாகத்தான் இருக்கும். உங்கள் கணவர் சட்டைக் கையை மேலே சுருட்டியிருப்பார், அவருக்கு முழுக் கையும் தெரிந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சம் உண்டு, ஏனென்றால் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் காலைப் பெரட்டு முடிந்ததும் வரிசையாக ஊசி போட்டோம். ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டே போட்டேன். நின்றுகொண்டு உட்கார்ந்தவரைக் குத்தினால் கை தன்னையறியாமல் உயரமான இடத்துக்குப் போகும், ஊசியும் சாய்ந்து இறங்கும். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் மூன்று வாரம் கொக்கியைத் தூக்க முடியாமல் வந்து நின்றார். அதற்குப் பிறகு நான் உட்காராமல் யாருக்கும் போட்டதில்லை.

சரியான இடம் எது என்று உங்கள் கையிலேயே பாருங்கள். அந்த எலும்பு முனையிலிருந்து கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விடுங்கள். கீழே எல்லை அக்குள் மடிப்பின் மட்டம், அதைத் தாண்டி இறங்கினால் முழங்கைக்குப் போகும் நரம்புக்குப் பக்கத்தில் போய்விடும். இரண்டுக்கும் இடையில், கையின் வெளிப்பக்க நடுவில், தலைகீழ் முக்கோணம் மாதிரி இருக்கும் தசையின் தடித்த பாகம்தான் இடம். ஊசி அங்கே நேராக, தொண்ணூறு பாகையில் இறங்க வேண்டும்.

ஊசியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவர்களுக்கு 25 மில்லிமீட்டர் சரி. 60 கிலோவுக்குக் கீழே இருக்கும் ஒல்லியானவருக்குத் தோலை விரித்துப் பிடித்தால் 16 மில்லிமீட்டரே போதும். 90 கிலோவைத் தாண்டிய பெண்ணுக்கு 38 வேண்டியிருக்கும். குட்டையான ஊசி கொழுப்பிலேயே நின்றால் சிவந்து கட்டியாகும், அரிக்கும். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்குப் பொருந்தவில்லை.

இந்த வருடம் போகும்போது கை தளர்வான சட்டையோ டீ ஷர்ட்டோ போட்டுக்கொண்டு போங்கள். பஜு குரோங்தான் என்றால் உள்ளே ஒரு கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் ஊசி போடும் கையை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். போன வருடம் வலித்த கை வேண்டாம், மற்றக் கையை நீட்டுங்கள். நர்ஸும் உட்காரட்டும். கேட்கலாம், தப்பில்லை. கையை இறுக்கிக்கொள்ளாமல் மடியில் தொங்கப் போடுங்கள், இறுகிய தசையில் குத்தினால் கூடுதலாக வலிக்கும். ஸ்பிரிட் துடைத்த இடம் காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள், ஈரத்தோடு குத்தினால் சுரீரென்று எரியும்.

முடிந்ததும் பஞ்சை வைத்துச் சும்மா அழுத்தினால் போதும், தேய்த்து மசாஜ் வேண்டாம். அன்றைக்குக் கையை ஆட்டாமல் பொத்திப் பொத்தி வைத்தால் இறுக்கம்தான் கூடும், வழக்கமான வேலையைச் செய்யுங்கள். வலித்தால் ஈரத்துணி ஒத்தடம், தேவைப்பட்டால் பாரசிட்டமால். மரம் வெட்டுகிறவர்கள், குலை வெட்டுகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொண்டால் ஞாயிறு ஓய்விலேயே பாதி வலி போய்விடும்.

உங்கள் தோளில் இன்னும் பிடிப்பு மிச்சம் இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட தேதியையும் வலி எந்த நாள் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் இதைச் சாதாரணத் தோள்பட்டை வலியிலிருந்து பிரிப்பார். ஸ்கேனில் பையின் வீக்கம் தெரியலாம். வீக்கம் குறைக்கும் மாத்திரையும் பிசியோவும் பெரும்பாலும் போதும், அடங்காவிட்டால் அந்தப் பைக்குள்ளேயே ஸ்டீராய்ட் போடுவார்கள். இது அலர்ஜி இல்லை, அதனால் அடுத்த ஊசியை நிறுத்தத் தேவையில்லை.