20 கண்ணி எப்படி 26 ஆனது?

கேள்வி: ஆறு மணி நேர பஸ் பயணத்தில் ஒரு பையன் அத்தையிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொள்வதாகச் சிறுகதை எழுதுகிறேன். எனக்குப் பின்னத் தெரியாது. இறங்குவதற்குள் அவன் ஒரு மஃப்ளர் முடித்துவிடுவான் என்று எழுதலாமா?

பதில்: மஃப்ளர் வேண்டாம். பின்னத் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே கதையை நம்பாமல் போய்விடுவார்கள். முதல் வரிசைக்கே அவனுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். குனிந்தே இருந்தால் தலைசுற்றும், அவ்வப்போது ஜன்னல் பக்கம் பார்த்தாக வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான் நியாயம்.

அத்தை தடித்த, வெளிர் நிற நூலில் 20 கண்ணி, அதாவது ஊசியில் 20 நூல் வளையம், போட்டுக் கொடுக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. ஊசி மூங்கிலாக இருக்கட்டும்; உலோக ஊசி என்றால் பஸ் குலுங்கும்போது கண்ணிகள் வழுக்கி விழும். இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. எதிரே உட்கார்ந்தால் அத்தையின் கை இடம்வலம் மாறித் தெரியும். பக்கத்தில் என்றால் அப்படியே பார்த்துச் செய்யலாம்.

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே, அதை நூலே தரும். எல்லா வரிசையையும் ஒரே மாதிரி பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும்பும். 20 கண்ணிக்கு 20 வரப்பு வந்தால் துண்டு கிட்டத்தட்டச் சதுரமாக இருக்க வேண்டும். ஆனால் பையனுடையது மேலே போகப் போக முறம் மாதிரி விரியும். ஊசியில் இருப்பதை எண்ணிப் பார்த்தால் 26 கண்ணி.

காரணம் ஓரத்தில் இருக்கிறது. வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூல் முன்பக்கம் தொங்கும். அதை ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோக வேண்டும். அவன் ஊசிக்கு மேலாக இழுக்கிறான். அப்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் ஊசிமேல் ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுகிறான், ஒன்று கூடிவிடுகிறது. ஆறு தடவை அப்படிச் செய்தால் 26. வரிசைக்கு வரிசை எண்ணியிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். அத்தை ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தால் யார் எண்ணுவது?

விழித்ததும் அவர் எப்படிச் சரிசெய்வார் என்பது உங்கள் கையில். இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துப் பின்னி 20-க்குக் கொண்டுவரலாம். ஆனால் சாய்ந்த ஓரம் அப்படியே இருக்கும். நான் எழுதினால் பிரிக்க விடுவேன். ஊசியை உருவி நூலை இழுத்தால் வரிசைகள் ஒவ்வொன்றாகக் கலையும். பிரித்த நூல் நேராக வராது, சுருட்டைமுடி போல நெளிந்து பையன் மடியில் குவியும். அதே நெளிந்த நூலில்தான் அவன் மறுபடி தொடங்குவான். இந்த முறை ஒவ்வொரு வரிசை ஓரத்திலும் உதடு அசையும்: "அடியில, அடியில."

இறங்கும்போது ஊசியில் எட்டு வரப்பு இருந்தால் போதும்.