அல்பா 0.42 வந்தால் வினாக்கொத்தை மாற்ற வேண்டுமா?

"ஹட்டனில் கொழுந்து பறிக்கும் 30 பேரிடம் தொழில் திருப்தி பற்றி 10 கூற்றுகள் கேட்டேன். குரொன்பாக் அல்பா 0.42. வினாக்கொத்தையே மாத்தணுமா?"

இப்போதைக்கு வேண்டாம். அல்பா என்பது கூற்றுகளுக்கான பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண். எதிர்மறைக் கூற்றுகளின் புள்ளிகளைத் திருப்பாமல் விட்டிருக்கலாம். 'வேலையை விட்டுப் போகத் தோன்றுகிறது' என்பதற்கு முழுமையாக உடன்பட்டு 5 சொன்னவர் திருப்தி இல்லாதவர். அந்த 5 அப்படியே கூட்டப்பட்டால் மற்றக் கூற்றுகளோடு முரண்பட்டு அல்பாவைக் கீழே இழுக்கும்.

SPSS வெளியீட்டில் Corrected Item-Total Correlation நிரலைப் பாருங்கள். கழித்தல் குறியோடு நிற்பது பெரும்பாலும் இத்தகைய கூற்றுத்தான். 1–5 அளவுகோல் என்றால் அதன் புள்ளியை 6இலிருந்து கழித்து மீண்டும் கணியுங்கள். பிறகும் ஏதாவது கூற்று கழித்தல் குறியோடு நின்றால், நீக்குவதற்கு முன் லயத்தில் இரண்டு மூன்று பேரிடம் அந்தக் கூற்றை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

வழமையாகப் போதுமெனக் கொள்ளப்படும் 0.7ஐ அல்பா தாண்டினாலும், பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே அது சொல்லும். அளந்தது திருப்தியைத்தானா என்பது வேறு கேள்வி. 30 பேர் என்பதால் இன்னொரு குழுவில் இந்த எண் கணிசமாக மாறவும் கூடும்.