ஆயிரம் எழுத்துக்குள் ஒரு புகார்: கேள்வி பதில்

மழைக்காகம்: புகார்ப் படிவத்தில் 1000 எழுத்துதான் இடம். என் வாஷிங் மெஷின் கதை அதற்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது. எதை வெட்டுவது?

நீங்கள் அனுப்பிய வரைவையும் கூடவே வந்த தாள்களையும் படித்தேன். வரைவு "நான் பல வருடங்களாக உங்கள் வாடிக்கையாளர்" என்று தொடங்கி, கஸ்டமர் கேரில் எத்தனை பேரிடம் பேசினீர்கள், அவர்கள் எப்படி அலைக்கழித்தார்கள் என்று போய், என்ன வேண்டும் என்பது கடைசி வரியில் வருகிறது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் படிவத்தைப் பிரித்து அனுப்புபவர் தேடுவது மூன்று விஷயங்களை: என்ன கேட்கிறார், எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கு எந்தத் தாள் சாட்சி. உங்கள் விவரங்களையே வைத்து இப்படி எழுதலாம்:

"வாஷிங் மெஷினை மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணம் திரும்ப வேண்டும். மார்ச் 3 அன்று வாங்கினேன், பில் இணைப்பு 1. மார்ச் 9 முதல் அடியில் தண்ணீர் ஒழுகுகிறது, படம் இணைப்பு 2. மார்ச் 14 அன்று வந்த டெக்னீஷியன் டிரம் சீல் பழுது என்று எழுதிக் கொடுத்தார், சர்வீஸ் சீட்டு இணைப்பு 3. மார்ச் 20 அன்று மாற்றித் தருவதாக நிறுவனம் மெயில் அனுப்பியது, இணைப்பு 4. ஏப்ரல் 6 அன்று போனில் மறுத்துவிட்டார்கள், எழுத்தில் தரவில்லை."

இன்னும் நிறைய இடம் மிச்சம் இருக்கும். அதை நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் வழக்கின் உயிர் இணைப்பு 4-ல் இருக்கிறது. பழுது யாருடைய தவறு என்று அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம்; தாங்களே எழுதிக் கொடுத்த வாக்கைச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. வரைவில் அந்த மெயிலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை!

அம்முவின் அம்மா: நான் தமிழில் டைப் செய்தால் பாதியிலேயே கட்டம் நிறைந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் அத்தனை எழுத்து இல்லையே?

நாம் எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வேறு. "நிறுவனம்" நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டு, ஏனென்றால் இகரக் கொக்கி, உகரக் குறி, புள்ளி மூன்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சில படிவங்கள் எழுத்தை விட்டுவிட்டு பைட்டை எண்ணும். அங்கே இந்த எட்டில் ஒவ்வொன்றும் மூன்றாகி, ஒரே சொல் 24 இடத்தை விழுங்கிவிடும். கட்டத்துக்குக் கீழே மீதி எண்ணிக்கை காட்டினால் அதை மட்டும் நம்புங்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. வேறு இடத்தில் எழுதி வந்து ஒட்டும்போது, அளவைத் தாண்டிய பகுதியைப் பல படிவங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒட்டியதும் கடைசி வரி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மெக்கானிக் மச்சான்: டிரம் சீல்தானே? புது ரப்பர் வாங்கி நாமே மாட்டிவிடலாம். இதுக்கு எதுக்குப் புகார்?

தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள். திறந்து பார்த்த மறுநிமிடம் "வாடிக்கையாளர் கை வைத்திருக்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை: நான் கட்டத்தில் "விவரம் இணைப்பில்" என்று மட்டும் எழுதி, நான்கு பக்கக் கடிதத்தை பிடிஎஃபாக இணைப்பேன். ஒரு தடவை அப்படித்தான் பணம் திரும்ப வந்தது. நீங்கள் சொல்வதுபோல் சுருக்கினால் விவரம் போய்விடாதா?

பணம் வந்தது உண்மையாக இருக்கட்டும். ஆனால் இணைப்பைத் திறக்காமல் கட்டத்தை மட்டும் படித்துப் பிரிக்கும் இடங்கள் நிறைய. அங்கே "விவரம் இணைப்பில்" என்ற புகார் எந்த வகையிலும் சேராமல் நிற்கும், அல்லது தப்பான பிரிவுக்குப் போகும்.

கணக்குப்பிள்ளை: பின்னால் வழக்கு என்று போனால்? அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு ஏன் சொல்கிறாய் என்று கேட்பார்களே ஐயா.

அதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தேதி வாரியாக ஒரு பக்கம் எழுதி, பிடிஎஃபின் முதல் பக்கமாக வையுங்கள். கட்டத்தில் விட்டுப்போனது அங்கே பதிவாகிவிடும். ஆனால் கட்டத்தைக் காலியாக விடுவதற்கு அது காரணமில்லை.

மழைக்காகம்: இடையில் வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாகச் சேர்க்கவா, தனித்தனியாகவா?

கணக்குப்பிள்ளை: ஒரே கோப்பு. தனித்தனியாகப் போனால் ஒன்று தொலையும்.

ஒரே கோப்பு என்றால் படிவத்தின் அளவு வரம்பைத் தொடும். குறைக்கப் போய் பில்லில் உள்ள சீரியல் எண் மங்கிவிடும். நான் தனித்தனியாகத்தான் அனுப்புவேன், பெயரிலேயே 1, 2 என்று போட்டு. அவர் ஒரே கோப்பாகத்தான் அனுப்புவார். படிவம் ஒரு கோப்புதான் ஏற்கும் என்றால் அவர் சொல்வதைச் செய்யுங்கள், ஆனால் அனுப்பும் முன் சீரியல் எண்ணைப் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள்.

தயிர்சாதம்: போனில் சொன்னதற்கு ஆதாரம் கேட்டால்? கால் லாக் ஸ்கிரீன்ஷாட் போதுமா?

பேசினீர்கள் என்பதற்குப் போதும், என்ன பேசினீர்கள் என்பதற்குப் போதாது. பேசி முடித்த அன்றே அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள்: "இன்று காலை 11 மணிக்குப் போனில், மாற்றித் தர முடியாது என்று சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது தவறு என்றால் தெரிவிக்கவும்." பதில் வந்தால் அது எழுத்துச் சான்று. வராவிட்டாலும் அன்றைய தேதியோடு உங்கள் பக்கம் பதிவாகிவிட்டது. பேச்சைப் பதிவு செய்வதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதற்குள் நான் போகவில்லை.

கிளிஞ்சல்: பேங்க் ஸ்டேட்மென்டை இணைக்க வேண்டுமாம். மற்ற வரவு செலவெல்லாம் தெரியுமே?

சம்பந்தப்பட்ட ஒரு வரியும் உங்கள் பெயரும் தெரிந்தால் போதும், மீதியை மறையுங்கள். மறைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் அடியில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். போனில் மார்க்கர் பேனாவால் தீட்டினால் வெளிச்சத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். மறைத்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள். மறைப்பு கெட்டியான கறுப்பாக இருக்கட்டும்.

புதுவரவு: 1000 எழுத்துக்குள் எப்படி எழுதுவது?

மேலே பாருங்கள்.

சுண்டெலி: என் புகார் கொஞ்சம் நீளம், எதை வெட்டலாம்?

மழைக்காகத்துக்குச் சொன்னதுதான். ஒட்டிய பிறகு கடைசி வரியைப் பாருங்கள் என்பதையும் சேர்த்து.

பாட்டியின் பேரன்: "கோர்ட்டுக்குப் போவேன்" என்று எழுதினால் பயப்படுவார்களா?

தினமும் நூறு பேர் எழுதுவதைப் படித்துப் படித்து அவர்களுக்கு மரத்துப்போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு தேதி போடுங்கள்: இன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த நிலைக்கு எடுத்துச் செல்வேன் என்று. கெடு போட்டால் அதன்படி நடக்கவும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை: வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவன் நான். அதுக்குத்தான் அசைந்தார்கள்.

இருக்கலாம். உங்கள் நான்கு பக்கக் கடிதத்துக்கா, நோட்டீஸுக்கா, எதற்கு அசைந்தார்கள் என்று இப்போது சொல்ல முடியாதே.

தயிர்சாதம்: அனுப்பு பொத்தானை அழுத்தியதும் பக்கம் வெள்ளையாகிவிட்டது. போனதா இல்லையா?

புகார் எண் வரவில்லை என்றால் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெயிலையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள், சில சமயம் எண் அங்கே தாமதமாக வரும். வந்திருந்தால் திரும்ப அனுப்ப வேண்டாம், ஒரே விஷயத்துக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டையும் மூடிவிட வாய்ப்பு உண்டு. வரவில்லை என்றால் வைத்திருக்கும் நகலை மறுபடி ஒட்டுங்கள். நகல் வைத்திருக்கிறீர்கள்தானே?