106 டஜனுக்குத்தான் கணக்கு

கேள்வி: ஆடிப் பதினெட்டு வியாபாரத்துக்குக் கண்ணாடி வளையல் 10 பெட்டி எடுத்தேன். பெட்டிக்கு 12 டஜன், டஜன் 24 ரூபாய், பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி. லாரி வாடகை, இறக்குக்கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து 288 ரூபாய். வளையல் ஒன்று 1 ரூபாய் 80 காசு அடக்கம் என்று போட்டு, டஜன் 26 ரூபாய்க்கு விற்றேன். 90 வளையல் உடைந்தது. முழு டஜனாக 106 போனது. நிறம் சேராமல் நின்ற 78 வளையலை ஒன்று ஒரு ரூபாய் என்று தள்ளிவிட்டேன். எல்லாம் முடிந்து எண்ணினால் போட்ட முதலே வரவில்லை. எங்கே தப்பு?
— பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் வரவு 2,834 ரூபாய், செலவு 2,880. பார்க்க 46 ரூபாய்தான் குறைகிறது. ஆனால் படித்துறையில் நாள் முழுக்க நின்ற உங்கள் உழைப்புக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. அதனால் இதைச் சின்னத் தவறு என்று விட்டுவிடக் கூடாது.

1 ரூபாய் 80 காசு என்பது மொத்தக் கடையின் கல்லாவில் நீங்கள் கொடுத்த விலை. 24 ரூபாயில் பத்து சதவீதம் போக 21.60, அதைப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறீர்கள். வகுத்ததில் பிழை இல்லை. ஆனால் சரக்கு அப்போது மொத்தக் கடையில்தான் இருந்தது. 2,880 ரூபாய் சரக்குக்குத் தள்ளுபடி 288 ரூபாய். நீங்கள் கொடுத்த லாரி வாடகையும் கூலியும் அதே 288. கிடைத்த தள்ளுபடி முழுவதும் வழியிலேயே கரைந்துவிட்டது. வளையல் உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதே அடக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய், டஜனுக்கு 24 ரூபாய். உடைசலை இன்னும் நாம் தொடவே இல்லை.

உடைசலைப் பலரும் எண்ணிக்கையில் கழிக்கிறார்கள். 1,440-ல் 90 போனால் மீதி 1,350. 2,880-ஐ அதனால் வகுத்தால் 2 ரூபாய் 13 காசு. வளையலை ஒன்று ஒன்றாக விற்பவருக்கு இது சரி. உங்களிடம் வாங்குகிறவர்கள் டஜனாகக் கேட்கிறார்கள். ஒரு டஜனில் ஒன்று உடைந்தாலும் மீதி பதினொன்றையும் டஜன் என்று விற்க முடியாது. அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று கிடைத்தால்தான் அது மறுபடி டஜன் ஆகும். 120 டஜன் வாங்கி 106 டஜன் விற்றிருக்கிறீர்கள். உடைந்தது நூற்றுக்கு 6 சொச்சம். டஜனில் குறைந்தது நூற்றுக்கு 12 பக்கம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. உங்கள் முதல் நின்று போனது இந்த இடத்தில்தான்.

ஆகவே வகுக்க வேண்டிய எண் 106. செலவு 2,880, உதிரி விற்று வந்தது 78, அதைக் கழித்தால் 2,802. அதை 106-ஆல் வகுத்தால் டஜனுக்கு 26 ரூபாய் 43 காசு, வளையலுக்கு 2 ரூபாய் 20 காசு. நீங்கள் விற்றது 26 ரூபாய்க்கு. டஜனுக்கு 43 காசு கையை விட்டுப் போயிருக்கிறது. 43 காசை 106-ஆல் பெருக்கினால், காசு வித்தியாசம் போக, அதே 46 ரூபாய் வரும்.

என்ன விலைக்கு விற்றிருக்கலாம்? விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு லாபமாக நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 26.43-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 33 ரூபாய் வருகிறது. அடக்கத்தின் மேல் இருபது சதவீதம் கூட்டினால் 31.72-தான் வரும், இரண்டும் ஒன்றில்லை, கவனியுங்கள். ஆடிக் கூட்டத்தில் பேரம் பேசுவார்கள் என்பதால் 35 சொல்லி 33-ல் நிற்கலாம். 35-க்கே போனால் 106 டஜனும் உதிரியும் சேர்ந்து 3,788 வரும். முதல் போக 908 ரூபாய் மிஞ்சும். கடை போட்ட தரை வாடகையும் பஸ் செலவும் அதில்தான் போக வேண்டும்.

இதெல்லாம் விற்று முடித்த பிறகு தெரிகிற கணக்கு. விலை சொல்ல வேண்டியதோ விற்கும் முன்பு. அதற்குப் போன சரக்கின் அனுபவமே போதும். 120-க்கு 106 என்றால் நூற்றுக்கு 88. அடுத்த முறை 15 பெட்டி எடுத்தால் 180 டஜன்; அதில் 158 டஜன்தான் முழுசாக விற்கும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பில்லும் வாடகையும் சேர்ந்த தொகையை 158-ஆல் வகுத்து விலை போடுங்கள்.

உதிரியாக நின்ற அந்த 78-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே நிறம், ஒரே அளவு என்பதை ஒரு வகை என்று வையுங்கள். உடைந்தது போக ஒவ்வொரு வகையையும் டஜனாகக் கட்டினால் கடைசியில் பூஜ்யத்திலிருந்து 11 வரை ஏதாவது மிஞ்சும், சராசரியாக ஐந்தாறு. உதிரி 78 என்றால் நீங்கள் 13, 14 வகை எடுத்திருப்பீர்கள் போலிருக்கிறது. அதே 10 பெட்டியை 7 வகையில் எடுத்திருந்தால், அதே அளவு உடைந்திருந்தாலும் உதிரி 40 பக்கம்தான் நின்றிருக்கும். பத்துப் பதினைந்து நிறம் பரப்பினால் கடை அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் வகை கூடக் கூட உதிரியும் கூடும். சிவப்பும் பச்சையும் அதிகமாக எடுங்கள். மற்ற நிறங்களைக் குறைவாக வைத்து, அவற்றை அரை டஜன் செட்டாகவே கட்டிவிடுங்கள். ஆறாகக் கட்டும்போது மிஞ்சுவது ஐந்துக்கு மேல் போகாது.

உங்கள் உதிரியிலேயே ஏழு வகையில் ஆறு ஆறு தேறியிருந்தால் 42 வளையல். ஒரு ரூபாய் வீதம் அதற்கு 42 கிடைத்தது. அரை டஜன் 17 ரூபாய் என்று விற்றிருந்தால் 119. ஆடிப்பூரம் ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு வருகிற வருஷமானால், அதற்கும் மிஞ்சியவற்றை அதற்கு வைத்துக்கொள்ளலாம். அம்மனுக்கு வளையல் சாத்துகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், நிறம் கலந்திருப்பதைக் குறையாக நினைப்பதில்லை. ஆனால் கீறல் விட்ட வளையலை அதில் சேர்க்காதீர்கள்.

டஜன் சேர்க்கும் வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஒரே சிவப்பு என்று டியூப்லைட்டில் கட்டியது, வெயிலில் இரண்டு சிவப்பாகத் தெரியும். வேறு வேறு உலையில் வந்த சரக்கில் இது சகஜம். கடைக்கு வந்த பெண் அதைப் பார்த்ததும் முழு டஜனையும் திருப்பி வைத்துவிடுவார்.

அடுத்து, எங்கே உடைகிறது என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே எண்ணியது ஒரு பத்தி, கடையில் உடைந்தது இன்னொரு பத்தி. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் நொறுங்கியிருந்தால் கீழே போட்டிருக்கிறார்கள். நடுவில் வரிசையாக விரிசல் என்றால் மேலே பாரம் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும்: ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டு இன்னொரு வளையலால் மெல்லத் தட்டுங்கள். நல்லது கணீரென்று பேசும், விரிசல் விட்டது மொட்டையாக ஒலிக்கும்.

கடையில் உடைவதில் பெரும்பங்கு கையில் ஏற்றும்போதுதான். பிரோசாபாத் வளையல் முதலில் சுருளாகச் சுற்றப்படும். அதை வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் இரு முனையையும் தீயில் காட்டி ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுதான் பலவீனமான இடம். முனைகள் நேராகச் சேராத வளையலை விரலால் தடவினாலே சின்ன மேடு தட்டுப்படும். அது விரல் முட்டியைத் தாண்டும் அழுத்தத்தில் அங்கேயே விடும். அதைவிடப் பெரிய காரணம் அளவு. 2.4 என்பது இரண்டு அங்குலமும் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நான்கும். அதாவது இரண்டேகால் அங்குலம். 2.6, 2.8, 2.10 என்று ஒவ்வொரு படிக்கும் அரைக்கால் அங்குலம், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கூடும். (2.10-ஐ 2.2-ஐவிடச் சின்னது என்று எண்ணி ஆர்டர் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் இந்த வரிசையில் பெரியது.) 2.6 கேட்கும் கையில் 2.4-ஐ ஏற்றப் பார்த்தால் கண்ணாடி வளைந்து கொடுக்காது. நான்கு அளவிலும் ஒவ்வொரு பித்தளை அல்லது பிளாஸ்டிக் வளையல் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அளவு பிடிபட்ட பிறகே கண்ணாடி டஜனைப் பிரியுங்கள்.

இப்படி இரண்டு பத்தியாக எழுதி வைத்தால் மொத்தக் கடையில் பேசவும் வாய் இருக்கும். 10 சதவீதம் தள்ளுபடி, உடைசல் உங்கள் பொறுப்பு என்பது ஒரு பேச்சு. 5 சதவீதம்தான் தள்ளுபடி, ஆனால் பிரித்தவுடன் கண்ட உடைசலுக்கு மாற்று தருகிறேன் என்பது இன்னொரு பேச்சு. உங்கள் சரக்கில் அந்த 5 சதவீத வித்தியாசம் 144 ரூபாய். நீங்கள் விற்ற 26 ரூபாய் விலையிலேயே பார்த்தால், மாற்றுச் சரக்கால் 106 டஜன் 112 ஆகும் என்றால், அதாவது முழுசாக ஆறு டஜன் கூடுதலாகத் தேறும் என்றால், இரண்டாவது பேச்சே உங்களுக்கு நல்லது. அதற்குக் குறைவாகத் தேறினால் 10 சதவீதத்தையே வாங்கிக்கொள்ளுங்கள். மாற்று தருகிறவர் அதே நிறம், அதே அளவில் தருவாரா, எத்தனை நாளுக்குள் உடைசலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். வேறு நிறத்தில் கிடைக்கும் மாற்று உங்கள் உதிரியைத்தான் கூட்டும்.

சிலர் 10 சதவீதமும், ரொக்கம் என்றால் இன்னும் 5 சதவீதமும் தருவார்கள். இரண்டையும் கூட்டி 15 என்று எடுக்காதீர்கள். 24 முதலில் 21.60 ஆகும், ஐந்து சதவீதம் கழிவது அதன் மேல்தான். டஜன் 20.52-க்கு நிற்கும், 20.40-க்கு இல்லை. கண்ணாடி வளையலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அந்தப் பெயரில் ஏதாவது தொகை ஏறியிருந்தால் எந்தச் சரக்குக்கு என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.