பிரிட்ஜில் வைத்த கறிக்குழம்பு வயிற்றைக் கெடுத்தது ஏன்?

கேள்வி: ஞாயிறு மதியம் இரண்டு கிலோ ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டது போக அரைக் குண்டான் மிச்சம். சூடு ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் குண்டானோடு பிரிட்ஜில் வைத்தேன். திங்கள் இரவு லேசாகச் சூடு பண்ணி நானும் மாமியாரும் சாப்பிட்டோம். விடியற்காலையில் இருவருக்கும் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, பேதி. வாந்தி, காய்ச்சல் இல்லை. மறுநாளே சரியாகிவிட்டது. பிரிட்ஜில்தானே இருந்தது? கறியை எத்தனை நாள் வைக்கலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பிரிட்ஜில் இருந்த நேரத்தை விட, அதற்கு முன் மேடையில் இருந்த நேரம்தான் உங்களைப் படுக்க வைத்திருக்க வேண்டும். மலப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்டு எட்டு, பத்து மணி நேரத்தில் வலியும் பேதியும், வாந்தியோ காய்ச்சலோ இல்லை, ஒரே நாளில் அடங்கியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி. பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறவிட்ட கறிதான் அதற்குப் பிடித்த இடம்.

குழம்பு கொதிக்கும்போது கிருமிகள் சாகும். இந்தக் கிருமி போன்ற சில மட்டும் வித்துகளாக உருமாறிக் கொதியைத் தாங்கிக்கொள்ளும். சூடு 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்துகள் முளைக்கும். 40, 45 டிகிரி வாக்கில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அரைக் குண்டான் கெட்டிக் குழம்பு, மேலே கொழுப்பு படிந்து மூடியது, நடுவில் ஆற எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில்! குண்டானோடு பிரிட்ஜில் வைத்த பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். திங்கள் இரவு லேசாகச் சூடு பண்ணியதில் அந்தக் கிருமிகள் சாகவில்லை. உயிரோடு குடலுக்குப் போய் அங்கே நஞ்சை உண்டாக்கியிருக்கின்றன. ஊசிப்போன வாசனை வந்திருக்காது, ருசியும் மாறியிருக்காது. மோந்து பார்த்து முடிவு செய்வது இதில் உதவாது.

சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். சூடாக வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. அது கெடாது. கொதிக்கிற குண்டானை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பால், மாவெல்லாம் சூடாகும், அவ்வளவுதான். அதனால் சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சத்தை அகலமான, உயரம் குறைந்த இரண்டு மூன்று டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றுங்கள். பெரிய தட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் டப்பாக்களை வைத்து அவ்வப்போது கிளறினால் அரை மணியில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். உடனே உள்ளே வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம், அங்கே குளிர் குறைவு.

இப்படி வைத்தால், 4 டிகிரிக்குக் கீழே இருக்கும் பிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். நான் மூன்றோடு நிறுத்தச் சொல்வேன், நம் வீட்டுப் பிரிட்ஜ் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஞாயிறு சமைத்ததை புதனுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே பிரீசரில் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதைத் தாண்டினால் கறியைக் கொட்டிவிடுவதுதான் சரி.

அப்புறம், சூடு பண்ணுவது. முழுவதையும் எடுக்காமல் அன்றைக்கு வேண்டிய டப்பாவை மட்டும் எடுங்கள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறி, ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளேயும் ஆவி பறக்க வேண்டும். கணக்குப்படி அது 74 டிகிரி. மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள், அதன் சூடு ஒரே சீராகப் பரவாது. மீந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

பிரியாணிக்கு ஒரு வார்த்தை. நீண்ட நேரம் வெளியே கிடந்த சோற்றில் வேறொரு கிருமி விடும் நஞ்சு, எவ்வளவு கொதித்தாலும் அழியாது. ராத்திரி முழுக்க அண்டாவில் கிடந்ததைக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டாம், ஆம்பூர் பிரியாணியே ஆனாலும்.

மாமியார் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வயதானவர்களுக்கு ஒரு நாள் பேதியே உடம்பைச் சோரவைத்துவிடும். மறுபடி இப்படி வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, தண்ணீரே வயிற்றில் நிற்காதது என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.