தீக்குச்சி ஏன் சுவத்துல பத்த மாட்டேங்குது?

"சார், நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். மழை புடிச்சா தீப்பெட்டி சுத்தமா வேலைக்கு ஆகல, பத்து குச்சி உரசினா ஒண்ணு பத்துது. தாத்தா காலத்துல சுவத்துல தேச்சாலே பத்துமாம், அப்பா சொல்றார். இப்ப தரம் கொறஞ்சு போச்சா? என்ன பண்றது?"

தரம் எல்லாம் கொறையலைங்க. குச்சித் தலையில இருந்த ஒரு சாமானை எடுத்து பெட்டியோட பக்கத்துல தடவிட்டாங்க, உங்க ரெண்டு பிரச்சனையும் அதுல இருந்துதான் வருது.

உரசினா பத்துற குச்சிய மொதல்ல வித்தவர் இங்கிலாந்துல ஸ்டாக்டன் ஊர்ல மருந்துக்கடை வச்சிருந்த ஜான் வாக்கர், 1827ல. அதுல பாஸ்பரஸே கிடையாது, ஆன்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் பிசின் போட்டு கொழைச்சது, உப்புத்தாளை மடிச்சு நடுவுல குச்சிய வச்சு வெடுக்குனு இழுக்கணும். பத்துறதுக்குள்ள பாதி நேரம் தலை கழண்டு வந்துரும். அப்புறம் 1830 வாக்குல பிரான்ஸ்ல சார்ல் சோரியாங்கிறவர் ஆன்டிமனிக்கு பதிலா வெள்ளை பாஸ்பரஸ் போட்டார். சுவரு, கல்லு, செருப்பு அடி, எதுல இழுத்தாலும் பத்துச்சு, ஜனங்க விழுந்தடிச்சு வாங்குனாங்க.

ஆனா வெள்ளை பாஸ்பரஸ் காத்து பட்டா 30 டிகிரி பக்கத்துலயே தானா பத்திக்கும். நம்ம சேலத்து சித்திரை வெயில்ல அதை நெனச்சுப் பாருங்க! பிசினும் பூச்சும் இருந்ததால ஓரளவு தாங்குச்சு, ஆனாலும் பைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசினாலே போதும். அதை விட மோசம் ஃபேக்டரில. அந்தப் புகைய வருஷக்கணக்கா சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு மொதல்ல பல்வலி வரும், அப்புறம் ஈறு வீங்கி சீழ் வைக்கும், கடைசில தாடை எலும்பே செத்து அழுகிப் போகும். உசிரோட இருக்கணும்னா தாடைய வெட்டி எடுக்கணும்.

இதுக்கு வழி சொன்னவர் ஸ்வீடன்ல குஸ்டாஃப் எரிக் பாஷ், 1844ல. அவர் எடுத்தது சிவப்பு பாஸ்பரஸ். பாஸ்பரஸ் அதேதான், அணுக்கள் கோத்துக்கிட்ட விதம் வேற, அதனால சுமார் 250 டிகிரி வரைக்கும் தானா பத்தாது, அந்த விஷமும் இல்ல. அதை குச்சில வைக்காம பெட்டி ஓரத்துல கண்ணாடித் தூளோட தடவினார், குச்சித் தலையில பொட்டாசியம் குளோரேட் நின்னுச்சு. ரெண்டும் சந்திக்கிற இடத்துல மட்டும்தான் நெருப்பு. அதே ஸ்வீடன்ல யோங்ஷோபிங் ஊர்ல லுண்ட்ஸ்ட்ரோம் அண்ணன் தம்பிங்க 1850கள்ல இதை பெரிய வியாபாரமாக்கினாங்க, இன்னிக்கு உங்க வீட்டுல இருக்கிறதும் அதோட வாரிசுதான். வெள்ளை பாஸ்பரஸ் குச்சிய இந்தியாவுல 1913லயே சட்டம் போட்டு தடுத்துட்டாங்க, அதனால உங்க தாத்தா சுவத்துல தேச்சது அதுக்கு மாத்தா வந்த, விஷம் கொறஞ்ச பாஸ்பரஸ் சல்பைடு குச்சியா இருந்திருக்கும்.

சரி, உங்க பெட்டிக்கு வருவோம். குச்சித் தலை, பெட்டி ஓரத்துல உரசுற பட்டை ரெண்டும் சேர்ந்தாத்தான் நெருப்புங்கிறதால எது கெட்டாலும் பத்தாது, எதுன்னு கண்டுபிடிக்க புதுப் பெட்டி ஒண்ணு வாங்குங்க. பழைய குச்சிய புதுப் பட்டைல உரசுங்க, புதுக் குச்சிய பழைய பட்டைல உரசுங்க. பழைய குச்சி புதுப் பட்டைல பத்திருச்சுன்னா குத்தம் பட்டைல. மலைல பெரும்பாலும் அதுதான் நடக்கும், ஏன்னா ஈரத்துல சிவப்பு பாஸ்பரஸ் மெதுவா ஆக்சிஜனோட சேர்ந்து அமிலமாகும், அந்த அமிலம் காத்துல இருக்கிற ஈரத்த இன்னும் இழுக்கும், தொட்டா பிசுபிசுங்கும். அது காயவச்சாலும் சரியா தேறாது. குச்சி நல்லா இருந்தா புதுப் பெட்டியோட பட்டைல தேச்சே தீர்த்துடுங்க.

புதுப் பட்டைலயும் தலை பத்தாம சேறு மாதிரி இழுவிட்டுப் போச்சுன்னா தலையில இருக்கிற பசை நமுத்துப் போச்சு. காத்தோட்டமா நிழல்ல ரெண்டு மூணு நாள் பரப்பி வைங்க, பாதிக்கு மேல திரும்பும். தலை சீறிட்டு குச்சி பிடிக்காம அணையுதுன்னா மரம் ஈரம், இல்ல மெழுகு சரியா ஏறல.

அடுப்பு மேட்டுல காய வைக்காதீங்க, ஒண்ணு பத்தினா மொத்தமும் ஒரே மூச்சுல போகும். நாலஞ்சு பெட்டிய இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பால போட்டு, புது செருப்பு டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ரெண்டு உள்ள வைங்க, அன்னன்னிக்கு ஒரு பெட்டி மட்டும் வெளிய எடுங்க. இன்னொண்ணு, பசங்க விளையாட்டா தலை மருந்தையும் பட்டைத் தூளையும் சுரண்டி ஒண்ணா கலக்குவாங்க, விடவே விடாதீங்க. பாஷ் பிரிச்சு வச்ச ரெண்டையும் திரும்ப சேக்குற வேலை அது, சின்னதா ஒரு உரசல் பட்டாலே கைலயே வெடிக்கும்.